பழுக்கட்டும் என்று விடக்கூடாத கால்

கட்டி ஒன்று வந்தால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “பழுக்கட்டும். பழுத்த பிறகுதான் கீறணும்.” சாதாரணச் சீழ்க்கட்டிக்கு இது சரியான அறிவு. உடம்பு கிருமியைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பி, உள்ளே சீழைச் சேர்த்து, ஓரிடத்தில் மெலிந்து நிற்கிறது. அங்கே ஒரு கீறல் போட்டால் சீழ் வடிந்து வலி விட்டுப்போகிறது. தருமபுரி மாவட்டத்தில் கரும்பிலும் தக்காளியிலும் செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் வேலை செய்கிற யாருக்கும் காலில் முள்ளோ கட்டையோ குத்துவது புதிதல்ல. அதனால் இந்த அறிவு தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டிருக்கிறது.

ஆனால் உடம்பால் இந்தச் சுவரை எழுப்ப முடியாத ஒரு நோய் உண்டு. அதில் கட்டி பழுப்பதே இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் கிருமிதான் வேலை செய்கிறது. மருத்துவர்கள் இதை நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். செய்தித்தாள்களில் ‘சதை தின்னும் கிருமி’ என்று வரும். அந்தப் பெயர் பயத்தைத் தருகிறதே தவிர நோயை விளக்கவில்லை. கிருமி சதையைத் தின்பதில்லை. சதைக்கு ரத்தம் போகும் வழியை அடைக்கிறது. இந்த வித்தியாசம் புரிந்தால், மாத்திரையும் ஊசியும் மட்டும் ஏன் போதாது, கத்தி ஏன் உடனே வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

கசாப்புக் கடையில் ஆட்டுத்தோல் உரிப்பதைப் பார்த்திருப்போம். தோலுக்கும் கறிக்கும் நடுவே பளபளப்பான வெள்ளைச் சவ்வு ஒன்று வரும். மனித உடம்பிலும் தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசையைப் போர்த்திய சவ்வு என்ற அடுக்கு இருக்கிறது. அந்தச் சவ்வுதான் ஃபேசியா. தமிழில் தசையுறை என்று சொல்லலாம். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. கிருமி ஒருமுறை அந்த அடுக்கில் இறங்கிவிட்டால், எதிர்ப்பு அதிகம் இல்லாத அந்தத் தளத்தில் பக்கவாட்டில் ஓடுகிறது. தசையிலிருந்து சவ்வைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறித் தோலுக்கு உணவு கொடுக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் போகிற வழியில் உறைந்து அடைபடுகின்றன. தோலுக்கு இந்தச் செய்தி தாமதமாகத்தான் வந்து சேரும். உள்ளே ஒரு சாண் அளவுக்குச் சவ்வு செத்த பிறகும் வெளியே தோல் லேசாகச் சிவந்து, மினுமினுப்பாக வீங்கி, பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். முதல் நாளில் இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நோய் புதியதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்தரப்பு ராணுவ மருத்துவராக இருந்த ஜோசப் ஜோன்ஸ், காயம்பட்ட வீரர்களிடம் இதைப் பார்த்து 1871-இல் விரிவாக எழுதினார். அவர் பதிவு செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தார்கள். 1924-இல் பீக்கிங்கில் ஃபிராங்க் மெலனி 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் ஐந்தில் ஒருவர்தான் இறந்தார். பெனிசிலின் மருந்தாகாத காலம் அது. மெலனியிடம் இருந்தது முக்கியமாகக் கத்திதான்: தாமதிக்காமல் நீளமாகத் திறந்து விட்டார். இன்று ஆன்டிபயாட்டிக், ஐசியூ எல்லாம் இருந்தும் பல மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் அதைவிடப் பெரிதாகக் குறையவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: நாம் இழப்பது மருந்துக் குறைவால் அல்ல, நேரத்தால்.

நேரம் எங்கே போகிறது என்பதைக் காட்ட ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். இவர் குறிப்பிட்ட ஒரு மனிதர் அல்லர். இந்த நோயில் திரும்பத் திரும்ப வரும் கதையை ஒரே ஆள் மேல் ஏற்றி, அரூர்ப் பக்கத்துக் கரும்புக் காட்டில் நிறுத்தியிருக்கிறேன். வயது 52. பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை உண்டு, ஆனால் அறுவடை மும்முரத்தில் தவறிப்போகும். ஞாயிற்றுக்கிழமை காலை, வெட்டிய கரும்பின் அடிக்கட்டை வலது குதிகாலுக்கு மேலே குத்தியது. ரத்தம் கொஞ்சம்தான் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டு மறுபடி வேலைக்குப் போய்விட்டார்.

திங்கள் இரவு வலி தொடங்கியது. காலில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் மனிதரால் படுக்க முடியவில்லை. “காலுக்குள்ள யாரோ நெருப்பு வைக்கிற மாதிரி இருக்குடி” என்று மனைவியிடம் சொன்னார். செவ்வாய்க் காலை பக்கத்து ஊர் கிளினிக்கில் வலிக்கு ஓர் ஊசி, நாலு நாளைக்கு மாத்திரை. ஊசி போட்டதும் ஆறு மணிநேரம் வலி அடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தொடையிடுக்கைத் தொட்டுப் பார்த்த உறவினர், “நெறி கட்டல, பெரிசா ஒண்ணும் இருக்காது” என்றார்.

இங்கே மூன்று இடங்களில் கால் வழுக்கியிருக்கிறது. முதலாவது, வலிக்கும் பார்வைக்கும் பொருத்தமில்லாமல் இருந்தது. இந்த நோயின் முதல் அடையாளமே அதுதான். சிவப்பு உள்ளங்கை அளவு, வலியோ கால் முழுக்க. தோலில் சிவப்பு முடிந்த இடத்துக்கு அப்பாலும் தொட்டால் வலித்தது. வலிக்கு வேறு விளக்கம் கிடைக்காதவரை இதைச் சாதாரணக் கால்வீக்கம் என்று ஒதுக்கக் கூடாது. இரண்டாவது, வலி ஊசி நோயை ஆற்றவில்லை, அடையாளத்தை மறைத்தது. மூன்றாவது அந்த நெறி. தோலின் மேல்மட்டத் தொற்றில் கிருமி நிணநீர் வழியே ஏறுவதால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும், காலில் சிவப்புக் கோடு ஏறுவதும் சகஜம். ஆழமான தசையுறைத் தொற்றில் இவை பலசமயம் இருப்பதில்லை. நெறி கட்டாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் நடக்கும் தவறு.

அறிகுறிகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. 2014-இல் கோ, வோங் ஆகியோர் அடங்கிய குழு, பல நாடுகளில் வெளியான ஆய்வுகளிலிருந்து 1463 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வீக்கமும் வலியும் ஐந்தில் நான்கு பேருக்கு இருந்தன. காய்ச்சல் ஐந்தில் இரண்டு பேருக்குத்தான். நீர்க்கொப்புளம் நான்கில் ஒருவருக்கு. தோல் கறுத்துப்போவதும் ஏறக்குறைய அதே அளவு. அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று நெரிவது ஐந்தில் ஒருவருக்கு. பாடப்புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருப்பவை கொப்புளமும் கறுப்பும் காற்றும்தான். பெரும்பாலானவர்கள் வரும்போது அவை இருப்பதில்லை. முதலில் வேறு நோய் என்று தவறாகக் கணிக்கப்பட்டவர்கள் பத்தில் ஏழு பேர். கறுக்கும்வரை காத்திருந்து உறுதி செய்பவர் உறுதியாகத் தாமதமாகத்தான் கண்டுபிடிப்பார்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வருடக்கணக்கில் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். எல்லோருக்கும் முதல் எச்சரிக்கையாக இருக்கும் அந்த வலி, அதிகம் ஆபத்தில் இருப்பவர்களுக்கு வராமலே போகலாம். அவர்களிடம் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். நேற்றுவரை 200-இல் இருந்த சர்க்கரை காரணமில்லாமல் 400-க்கு ஏறுவது, நாடி வேகமாக ஓடுவது, மூச்சு வாங்குவது, கேட்ட கேள்விக்கு மந்தமாகப் பதில் சொல்வது ஆகியவை அவர்களுடைய வலி. காலில் சின்னப் புண்ணும் இவற்றில் ஏதேனும் ஒன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நன்றாக வலித்துக்கொண்டிருந்த கால் திடீரென்று மரத்துப்போவதும் தேறுதல் அல்ல. உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று பொருள்.

மலையடிவாரக் கிராமங்களில் இதோடு குழம்புவது பாம்புக்கடி. தரையில் படுத்து எழுந்தவர் காலையில் வீங்கிய காலோடு வந்தால் “ஏதோ பூச்சிக்கடி” என்று முடித்துவிடுவார்கள். கண்ணாடிவிரியன் விஷமும் கொப்புளத்தையும் வீக்கத்தையும் தரும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதனை உண்டு. காய்ந்த கண்ணாடிக் குழாயில் சில மில்லி ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு சாய்க்கும்போது உறையாமல் ஓடினால் விரியன் விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும். உறைந்திருந்து, காலும் மேலும் மேலும் வீங்கினால் கிருமித் தொற்றை மறக்கக் கூடாது.

கதைக்குத் திரும்புகிறேன். புதன் மாலை அவரை அரூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வீக்கம் கெண்டைக்கால் நடுவரை ஏறியிருந்தது. அங்கே இருந்த செவிலியர் செய்தது, இந்தக் கதையிலேயே மலிவான, மிகவும் பயனுள்ள காரியம். பால்பாயின்ட் பேனாவால் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் ‘மாலை 6.10’ என்று காலிலேயே எழுதினார். டிரிப் ஏறி, ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ் போய், 108-இல் ஏற்றித் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்து சேரும்போது மணி ஒன்பதரை. கோட்டைத் தாண்டி நான்கு விரல்கடை மேலே ஏறியிருந்தது சிவப்பு. கணுக்காலுக்கு மேல் ஊதா நிறத்தில் ஒரு கொப்புளமும் கிளம்பியிருந்தது. அந்தக் கோடு இல்லாவிட்டால், பணியில் இருந்த மருத்துவருக்கு இது மூன்று நாளாக இருக்கும் வீக்கமா, மூன்று மணிநேரத்தில் ஏறிய வீக்கமா என்று தெரிந்திருக்காது.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு 19,000, ஹீமோகுளோபின் 10.8, சோடியம் 129, கிரியாட்டினின் 1.8, சர்க்கரை 340, சிஆர்பி 210. இந்த ஆறையும் கூட்டி மதிப்பெண் போடும் முறையை 2004-இல் சிங்கப்பூரில் சின் ஹோ வோங் குழுவினர் உருவாக்கினார்கள். எல்ஆர்ஐஎன்இசி என்பது அதன் பெயர். மொத்தம் 13. ஆறு வந்தாலே சந்தேகம் பலமாகிறது. இவருக்கு 12. இந்த அளவுக்கு ஏறிய பிறகு யாருக்கும் குழப்பம் இருக்காது. சிக்கல் கீழ்ப்பக்கம்தான். பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உண்மையிலேயே நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறுக்குக் குறைவாகவே வந்திருந்தது. ஆகவே மதிப்பெண் கூடினால் அது அவசரப்படுத்தும். குறைந்தால் அதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மதிப்பெண் போட வசதியில்லாத இடத்தில் சோடியம் ஒன்றையாவது கவனிக்கலாம் என்பது என் எண்ணம். கால் வீங்கிய சர்க்கரை நோயாளிக்குச் சோடியம் 135-க்குக் கீழே இருந்தால் மறுமுறை கால் பக்கம் போய்த் தொட்டுப் பார்ப்பது நல்லது.

ஸ்கேன் எடுக்கலாமா என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். சிடி ஸ்கேன் உதவும். தசையுறை தடித்திருப்பதும் காற்றும் தெரியும். ஆனால் ஸ்கேனுக்காகத் தியேட்டரைக் காக்க வைக்கக் கூடாது. எம்ஆர்ஐ அதைவிட நுட்பமானது, அதைவிட நேரம் பிடிப்பது. சந்தேகம் மிச்சமிருந்தால் படுக்கையருகிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. மரப்பு ஊசி போட்டு, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தசையுறைவரை கீறுகிறார்கள். நல்ல திசு என்றால் ரத்தம் கசியும், சவ்வு வெள்ளையாகப் பளபளக்கும், விரலை விட்டால் கொழுப்பு சவ்வோடு ஒட்டி நின்று வழிவிடாது. செத்த திசுவில் ரத்தம் வராது. பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் நீர் வடியும். விரல் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உரிக்கும் ஆட்டுத்தோலுக்கு அடியில் கை போவதைப் போல. இவருக்குக் கெண்டைக்காலில் கீறியபோது விரல் முழுதும் போனது.

இந்தக் கட்டத்தில் கெட்டியான சீழைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். “சீழ் வரல, இன்னும் பழுக்கல” என்று கட்டுப்போட்டு அனுப்பினால் கதை முடிந்தது.

ஆன்டிபயாட்டிக் புதன் மாலையே தொடங்கிவிட்டதே, அது ஏன் தடுக்கவில்லை? மருந்து ரத்தத்தில்தான் போகிறது. ரத்தக்குழாய் அடைபட்ட இடத்துக்கு மருந்து போய்ச் சேராது. சேரும் இடம் விளிம்பிலிருக்கும் நல்ல திசு மட்டும்தான். அதனால் மருந்து வேண்டாம் என்றில்லை. ரத்தத்தில் கிருமி பரவாமல் காக்க அது வேண்டும். முதல் நாள் எந்தக் கிருமி என்று தெரியாததால் பைபராசிலின் டாசோபாக்டம் அல்லது மெரோபெனெம், கூடவே வான்கோமைசின், கிளிண்டாமைசின் என்று அகலமாகத்தான் தொடங்குவார்கள். கிளிண்டாமைசினுக்குத் தனி வேலை உண்டு: கிருமி விஷம் சுரப்பதை அது தடுக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் காலில் பல கிருமிகள் கலந்திருப்பதே வழக்கம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒன்று மட்டும் தனியாக வந்தும் இதைச் செய்யும். அது சர்க்கரையே இல்லாத இளைஞரையும், வெளிக்காயமே இல்லாத அடிபட்ட காலையும் தாக்கக்கூடியது.

இரவு பதினொன்றரைக்கு அவரைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே இரண்டு லிட்டருக்கு மேல் டிரிப் போயிருந்தது. இரண்டு யூனிட் ரத்தத்துக்கும் சொல்லியாயிற்று. கையெழுத்து வாங்கும்போது மருத்துவர் மனைவியிடம் சொன்னதைச் சொல்லாமல் இருக்க முடியாது. “கால்ல பெரிசா திறந்து வைப்போம்மா. தையல் போட மாட்டோம். நாளைக்கும் மறுபடி கொண்டுபோவோம். பார்த்து பயந்துடாதீங்க. காலைக் காப்பாத்தப் பார்க்கிறோம், முடியலைன்னா ஆளைக் காப்பாத்துவோம்.” இந்த ஐந்து வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால், மறுநாள் காலை திறந்த காலைப் பார்த்த உறவினர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு நோயாளியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவது உண்டு.

டிபிரைட்மென்ட் என்பது செத்ததை வெட்டி அகற்றுவது. கால் நீளவாக்கில், குதிகாலுக்கு மேலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை திறந்தார்கள். விரல் எதுவரை தடையின்றிப் போகிறதோ அதுவரை தோலைத் திறப்பது விதி. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் எல்லை கணக்கில்லை. சாம்பல் பூத்து நாறும் சவ்வையும், அதன் மேல் ரத்தக்குழாய் அடைபட்ட கொழுப்பையும் எடுத்தார்கள். விளிம்பை வெட்டும்போது பளிச்சென்று ரத்தம் கசிந்தால் நிறுத்தலாம். கசியாவிட்டால் இன்னும் ஒரு சென்டிமீட்டர். ரத்தமே வழிகாட்டி என்பதால், தொடையில் பட்டை இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிட்டு இந்த அறுவையைச் செய்வதைப் பலர் தவிர்க்கிறார்கள். தசை பெரும்பாலும் தப்பித்திருக்கும். மின்கத்தி பட்டதும் துடித்தால் உயிரோடு இருக்கிறது என்று விட்டுவிடலாம். எடுத்த திசுவில் ஒரு துண்டு கிருமி வளர்ப்புக்குப் போனது. மேலே தொட்டு எடுக்கும் பஞ்சைவிட இதுவே நம்பகமானது. பிறகு கழுவி, சலைன் நனைத்த துணியைத் தளர்வாக வைத்துக் கட்டினார்கள்.

இதில் நடக்கும் பெரிய தவறு இரக்கம். “இவ்வளவு தோல் போனால் எப்படி மூடுவது” என்று சந்தேகத்துக்குரிய ஓரத்தை விட்டுவைப்பது. தோலைத் தொடையிலிருந்து பிறகு எடுத்து ஒட்டலாம். விட்டுவைத்த ஓரம் விடிவதற்குள் இன்னொரு சாணைக் கொண்டுபோய்விடும். சின்னதாக இரண்டு கீறல் போட்டு வடிய விடுவதும் இதே வகைத் தவறுதான். வியாழன் இரவு, 24 மணிநேரத்துக்குள் இரண்டாம் முறை திறந்தபோது முழங்கால் பக்கத்து ஓரம் மறுபடி சாம்பல் நிறமாகியிருந்தது. மூன்று விரல்கடை கூடுதலாக எடுத்தார்கள். சனிக்கிழமை மூன்றாம் முறை எல்லா ஓரமும் ரத்தம் கசிந்தது. ஒரே அறுவையில் முடிவது அரிது. இரண்டாம் முறை கொண்டுபோவதை முதல் அறுவையின் தோல்வி என்று குடும்பம் நினைத்துவிடக் கூடாது. அது முதலிலேயே திட்டமிட்டது.

தாமதம் எவ்வளவு கொல்கிறது? 1995-இல் மெக்ஹென்றி குழு 65 பேரைப் பார்த்தது. பிழைத்தவர்களுக்கு மருத்துவமனை வந்ததிலிருந்து அறுவைவரை சராசரியாக 25 மணிநேரம் ஆகியிருந்தது. இறந்தவர்களுக்கு 90. 2003-இல் சிங்கப்பூரில் வோங் குழு 89 பேரை ஆராய்ந்தது. 24 மணிநேரத்துக்கு மேல் அறுவை தள்ளிப்போனதுதான் இறப்போடு தனியாகத் தொடர்புடையதாக நின்றது. 2020-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த நாவைன் குழுவின் கணக்கு இன்னும் நெருக்கமானது: ஆறு மணிநேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் 19 சதவீதம் பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு நடந்தவர்களில் 32 சதவீதம். இவை யாவும் நடந்ததைத் திரும்பிப் பார்த்த ஆய்வுகள். சிலரை வேண்டுமென்றே காக்க வைத்து யாரும் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. நோய் வெளிப்படையாகத் தெரிந்தவர்கள் சீக்கிரம் தியேட்டருக்குப் போயிருக்கலாம், மங்கலாக இருந்தவர்கள் தாமதித்திருக்கலாம் என்ற குழப்பமும் உண்டு. ஆனாலும் எந்த நாட்டில் யார் எண்ணினாலும் முள் ஒரே பக்கம்தான் சாய்கிறது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவமனை வாசலில் இருந்து நேரத்தை எண்ணுகின்றன. நம் ஆளுக்கு வாசலிலிருந்து தியேட்டருக்கு இரண்டு மணிநேரம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திங்கள் இரவு வலி தொடங்கியதிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 50 மணிநேரம். அதில் பயணத்துக்குப் போனது இரண்டு மணிநேரம்கூட இல்லை. அரூர் தருமபுரியிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. 2008-க்கு முன் தருமபுரியில் மருத்துவக் கல்லூரி கிடையாது. இப்படிப்பட்ட கால் சேலத்துக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருந்தது. அந்தத் தூரம் இன்று சுருங்கிவிட்டது. சுருங்காமல் இருப்பது வீட்டுத் திண்ணைக்கும் வலி ஊசிக்கும் இடையில் போகும் இரண்டு நாள். சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ இறங்க வேண்டியவருக்கு அது இன்னும் நீளம்.

அனுப்பும் மருத்துவமனையில் டிரிப் போட்டு முதல் டோஸ் கொடுப்பதற்கு அரை மணிநேரம் போதும். ரத்த ரிப்போர்ட் வரட்டும் என்று விடியும்வரை வைத்திருக்கத் தேவையில்லை. சீட்டில் ‘கால் வீக்கம்’ என்று எழுதாமல் ‘தசையுறைத் தொற்றுச் சந்தேகம், சிவப்பு எல்லை மாலை 6.10’ என்று எழுதினால் அந்தப் பக்கம் தியேட்டர் தயாராகத் தொடங்கும்.

காலை எடுப்பதா விடுவதா என்பது குடும்பங்களை உலுக்கும் கேள்வி. தசையே செத்திருந்தாலோ, மூட்டுக்குள் தொற்று இறங்கியிருந்தாலோ, காலின் பெரிய ரத்தக்குழாய் ஏற்கனவே சர்க்கரையால் அடைபட்டிருந்தாலோ எடுப்பது நியாயம். பலமுறை மயக்க மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்றால் ஒரே அடியாக எடுப்பது உயிரைக் காக்கலாம். பயத்தில் முதல் நாளே காலை எடுத்துவிட்டால் பிழைப்பு கூடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. நன்றாக, திரும்பத் திரும்பச் சுத்தம் செய்யப்பட்ட கால் பலசமயம் மிஞ்சுகிறது.

இவருக்கு மிஞ்சியது. மூன்று வாரம் கட்டு மாற்றி, சிவந்த மணிமணியான சதை வளர்ந்த பிறகு இடது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நாலாம் வாரக் கடைசியில் வாக்கரைப் பிடித்து நின்றார். கெண்டைக்கால் குழிந்து, தோல் மினுமினுத்து, மாலையானால் பாதம் வீங்கும். ஒட்டிய இடத்தில் வியர்வையும் சரியாக வராது, தொடு உணர்ச்சியும் முழுதாகத் திரும்பாது. அதனால் கரும்புக் காட்டுக்கு வெறுங்காலோடு திரும்ப முடியாது. எம்சிஆர் செருப்பும் முழங்கால்வரை மூடிய பூட்சும் போட்டுக்கொண்டு, வரப்போரம் நின்று கட்டு எண்ணும் வேலைக்கு மாறினார். ராத்திரி படுக்கும் முன் அவர் மனைவி டார்ச் அடித்து இரண்டு பாதத்தின் அடியையும் பார்க்கிறார். பெட்டியில் அந்தப் பால்பாயின்ட் பேனா மாதிரி ஒன்று கிடக்கிறது, கோடு போட.